பெரிய ஆட்கள் வாங்கியிருக்கிறார்கள். சரி, எத்தனை நாளைக்கு?

கொஞ்சம் நீண்ட பதிவு. நேரம் கிடைக்கும்போது வாசியுங்கள்.

போன கிழமை எங்கள் ஸ்டாஃப் ரூமில் ஒரு டீச்சர் போனை நீட்டினார். துபாயில் இருக்கும் தம்பி வட்ஸ்அப்பில் ஒன்று அனுப்பியிருந்தார். அங்கே ஒரு கம்பனி முதல் தடவையாகப் பொதுமக்களுக்குப் பங்கு விற்கப் போகிறதாம். பெரிய பெரிய முதலீட்டு நிறுவனங்கள் ஏற்கனவே காசு போட ஒத்துக்கொண்டுவிட்டனவாம். "இவ்வளவு பெரிய ஆக்கள் வாங்குறாங்கண்டா பயப்பட என்ன இருக்கு சேர்? மகள்ட கலியாணத்துக்கு வச்சிருக்கிற காசில பாதிய தம்பிக்கு அனுப்பட்டுமா?" என்று கேட்டார்.

அந்த இடத்திலேயே பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கலியாணக் காசு. ஆனால் அவர் பெரிய ஆட்களின் பெயரைச் சொல்லித்தான் கேட்டார், அந்தப் பெயர்கள்தான் என்னை உறுத்தின. இதே கேள்வியைக் கட்டுகஸ்தோட்டையிலும் அக்குறணையிலும் கம்பளையிலும் நிறையப் பேர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். ஆகவே எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

நம் நாட்டில் புதுக் கம்பனி பங்கு விற்கும்போது நமக்குப் பழக்கமானது நிலையான விலை. "ஒரு பங்கு இவ்வளவு ரூபா" என்று முதலே அச்சடித்து விடுவார்கள். வேண்டுமானால் விண்ணப்பிக்கலாம், வேண்டாமென்றால் விடலாம். இந்தியாவிலும் வளைகுடாவிலும் பெரிய கம்பனிகள் அப்படிச் செய்வதில்லை. அங்கே புக் பில்டிங் என்ற முறை. நம்மூர் மிளகு வியாபாரத்தை வைத்து இதை விளங்கிக்கொள்ளலாம்.

ஒருவரிடம் 100 கிலோ மிளகு இருக்கிறது என்று வையுங்கள். அவர் விலை சொல்லவில்லை. "1,500க்கும் 1,600க்கும் இடையில் நீங்களே கேளுங்கள்" என்று கடைக்காரர்களிடம் சொல்லிவிட்டுக் கொப்பியைத் திறக்கிறார். ஒருவர் 1,600க்கு 40 கிலோ, இன்னொருவர் 1,580க்கு 40 கிலோ, மூன்றாமவர் 1,550க்கு 20 கிலோ, நாலாமவர் 1,500க்கு 50 கிலோ என்று எழுதுகிறார்கள். மேலிருந்து கூட்டிக்கொண்டு வந்தால் மூன்றாமவரோடு 100 கிலோவும் முடிந்துவிடும். ஆகவே விலை 1,550. முதல் மூவரும் அந்த ஒரே விலையைத்தான் கொடுப்பார்கள், நாலாமவருக்கு மிளகு இல்லை. அந்தக் கொப்பிதான் 'புக்'. 1,550 என்பதைக் கட்-ஓஃப் விலை என்பார்கள்.

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் நம்மைப் போன்ற சிறிய ஆட்கள் அந்தக் கொப்பியில் விலை எழுதுவது குறைவு. இந்திய விண்ணப்பத்தில் சிறிய முதலீட்டாளருக்கென்று 'கட்-ஓஃப்' என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் அடையாளமிட்டால் என்ன விலை வந்தாலும் சம்மதம் என்று அர்த்தம். அதாவது விலையை மற்றவர்கள் தீர்மானிக்கிறார்கள், நாங்கள் கையெழுத்துப் போடுகிறோம்.

யார் அந்த மற்றவர்கள்? அங்கேதான் ஆங்கர் முதலீட்டாளர்கள் வருகிறார்கள். ஆங்கர் என்றால் நங்கூரம். பொதுமக்களுக்குக் கொப்பி திறப்பதற்கு முதல் நாளே பெரிய நிறுவனங்கள் சிலவற்றுக்குப் பங்கு ஒதுக்கி, யாருக்கு எவ்வளவு என்று பெயர்களை வெளியிட்டுவிடுவார்கள். 2009இல் இந்தியாவின் செபி என்ற ஒழுங்குபடுத்தும் சபை இதைக் கொண்டுவந்தது. பெரிய கையொன்று முன்னால் நின்றால் சின்னவர்களுக்கு நம்பிக்கை வரும் என்பதுதான் யோசனை. நம்பிக்கை வந்தது, அதில் சந்தேகமில்லை. டீச்சருக்கும் அதனால்தான் வந்தது.

இப்போது பேடிஎம் கதைக்கு வருகிறேன். துபாய்க் கம்பனியை விட்டுவிட்டு இந்தியாவுக்குப் போவதற்குக் காரணம், அந்த வெளியீட்டின் கணக்கு முழுவதும் திறந்து கிடக்கிறது. போனில் காசு அனுப்பும் அந்தக் கம்பனி 2021 நவம்பரில் 18,300 கோடி இந்திய ரூபாவுக்குப் பங்கு விற்றது. அந்த நேரத்தில் இந்தியாவின் மிகப் பெரிய வெளியீடு அதுதான். விலை எல்லை 2,080 முதல் 2,150 ரூபா வரை. இரண்டுக்கும் இடையில் 70 ரூபாதான், மூன்றரை வீதம்கூட இல்லை. மிளகுக்காரர் "1,500க்கும் 1,550க்கும் இடையில் கேளுங்கள்" என்று சொன்ன மாதிரி. இப்படிக் கேட்டால் உண்மையான விலை எப்படி வெளியே வரும்?

நவம்பர் 8இல் பொதுமக்களுக்குத் திறந்தது. அதற்கு முன்பே ஆங்கர்களுக்கு 8,235 கோடிக்கு ஒதுக்கிவிட்டார்கள். பட்டியலில் பிளக்ரொக், கனடாவின் ஓய்வூதிய நிதிச் சபை, சிங்கப்பூர் அரசின் ஜிஐசி போன்ற பெயர்கள். எல்லோரும் 2,150க்கே வாங்கினார்கள். கணிதம் படிப்பிக்கிறவன் என்பதால் இந்த எண்ணை வகுத்துப் பார்த்தேன். 18,300இல் 8,235 என்பது சரியாக 45 வீதம். லாபம் காட்டாத கம்பனி என்பதால் 75 வீதம் பெரிய நிறுவனங்களுக்கு என்பது விதி. அதில் 60 வீதம் வரை ஆங்கர்களுக்குக் கொடுக்கலாம். கடைசிச் சதம் வரை கொடுத்திருக்கிறார்கள். சிறிய மக்களுக்கு 10 வீதம்.

இந்தப் பெயர்களையும் 45 வீதத்தையும் எல்லோரும் பகிர்ந்தார்கள். கூட இருந்த இன்னொரு வரியை அவ்வளவாக யாரும் பகிரவில்லை. அது லொக்-இன், அதாவது விற்கக் கூடாத காலம். அன்றைய விதிப்படி ஆங்கர்களுக்கு அது பங்கு ஒதுக்கிய நாளிலிருந்து வெறும் 30 நாள். பிளக்ரொக் வாங்கிவிட்டது என்று கேட்டால் பத்து வருடம் கூட நிற்கப் போகிறார்கள் என்று நம் மனம் எடுத்துக்கொள்கிறது. பத்திரத்திலோ முப்பது நாளுக்குத்தான் கையைக் கட்டியிருக்கிறது.

நவம்பர் 18 அன்று பங்கு சந்தைக்கு வந்தது. 2,150க்கு வாங்கியது அன்றே ஏறக்குறைய 1,560இல் முடிந்தது. 27 வீத வீழ்ச்சி. குறைந்தது 6 பங்கு வாங்க வேண்டும் என்பதால் ஒருவர் 12,900 ரூபா போட்டிருப்பார். மாலையில் அது 9,360.

இங்கே ஒரு விஷயத்தை நேர்மையாகச் சொல்ல வேண்டும். அன்று விழுத்தியது ஆங்கர்கள் இல்லை. அவர்களால் விற்க முடியாது, அவர்களுக்கும் அதே நட்டம்தான். "பெரியவர்கள் திட்டமிட்டு ஏமாற்றினார்கள்" என்று எழுதினால் இந்தப் பதிவு இன்னும் நிறையப் பேருக்குப் பகிரப்படும், ஆனால் அது உண்மை இல்லை. பெரியவர்களும் விலையைப் பிழையாகக் கணித்தார்கள். அவர்களுக்கு அது ஆயிரம் இடத்தில் போட்ட காசில் ஒன்று. டீச்சருக்கு அது ஒரே காசு. ஒரே நட்டம் இரண்டு பேருக்கும் ஒரே அளவு வலிப்பதில்லை. அதனால்தான் அவர்கள் வாங்குவதைப் பார்த்து நாங்கள் வாங்குவது சரியான கணக்கு இல்லை என்கிறேன்.

பிறகு டிசம்பர் 15. ஆங்கர்களின் 30 நாள் முடிந்த நாள். அன்று பகலில் பங்கு 10 வீதத்துக்கும் மேல் விழுந்தது. காரணம் விளங்கக் கஷ்டமில்லை. அதுவரை வெளியிட்ட பங்குகளில் கிட்டத்தட்ட பாதி பெட்டியில் பூட்டிக் கிடந்தது. சந்தையில் கை மாறியது மிச்சம் மட்டும்தான். ஒரே நாளில் பூட்டுத் திறந்தால் எல்லோரும் விற்கத் தேவையில்லை. "விற்பார்கள்" என்று மற்றவர்கள் நினைத்தாலே போதும், முதல் நாளே ஓடிவிடுவார்கள். சந்தைக்கு வந்த முதல் மாதத்தின் விலையை நான் அவ்வளவாக நம்பாததற்கும் இதுதான் காரணம். சரக்கில் பாதி கடைக்கு வராத நேரத்து விலை அது.

இன்னொரு பூட்டும் இருந்தது. வெளியீட்டுக்கு முன்பிருந்தே பங்கு வைத்திருந்தவர்களுக்கு ஒரு வருடம். அது 2022 நவம்பர் 15இல் திறந்தது. இரண்டே நாளில் ஜப்பானின் சொஃப்ட்பேங்க் ஏறக்குறைய 200 மில்லியன் டொலருக்கு விற்றது. பங்கு மறுபடி 10 வீதம் போல விழுந்து 540 ரூபா அளவில் வந்து நின்றது. 12,900 ரூபா இப்போது 3,240. வாங்கியதில் கால்பங்கு. அந்த 15ஆம் திகதி திடீரென்று வானத்திலிருந்து விழவில்லை. ஒரு வருடத்துக்கு முன்பே யார் வேண்டுமானாலும் கலண்டரில் வட்டமிட்டு வைத்திருக்கலாம்.

முக்கியமான ஒன்று, அந்த 18,300 கோடியில் 10,000 கோடி கம்பனிக்கே போகவில்லை. பழைய பங்காளர்கள் தங்கள் பங்கை விற்று எடுத்துக்கொண்டார்கள். அதில் கூடுதலாக எடுத்தது சீனாவின் ஆண்ட் குழுமம். ஒருபுறம் புதிய பெரியவர்கள் வருகிறார்கள் என்று விளம்பரம், மறுபுறம் பழைய பெரியவர்கள் அதே விலைக்கு வெளியே போகிறார்கள். இரண்டும் ஒரே பத்திரத்தில்தான் இருந்தன.

செபியும் பிறகு திருத்தியது. 2022 ஏப்ரல் 1 முதல் ஆங்கர்கள் தங்கள் பங்கில் பாதியை 90 நாள் வைத்திருக்க வேண்டும், மிச்சப் பாதிக்குப் பழைய 30 நாள். விலை எல்லையின் மேல் விலை கீழ் விலையைவிடக் குறைந்தது 5 வீதமாவது கூட இருக்க வேண்டும். இது போதாது என்பது என் அபிப்பிராயம். 90 நாள் என்பது பாடசாலையில் ஒரு தவணை. கம்பனியின் இரண்டு காலாண்டுக் கணக்கையாவது பார்த்த பிறகு விற்கட்டும் என்று வைத்தால்தான் நங்கூரம் என்ற சொல்லுக்கு மரியாதை. ஹொங்கொங்கில் கோர்னர்ஸ்டோன் என்று அழைக்கப்படும் இதே வகை முதலீட்டாளர்களுக்கு வழமையாக ஆறு மாதம் பூட்டு. கொழும்பிலும் ஒருநாள் இந்த முறை பரவலாக வந்தால், விளம்பரத்தில் பெரிய பெயர்கள் எந்த அளவு எழுத்தில் வருகின்றனவோ அதே எழுத்தில் அவர்கள் விற்கக்கூடிய திகதியும் வர வேண்டும் என்று கேட்பேன்.

ஆகவே டீச்சரிடம் அடுத்த நாள் மூன்று விஷயம் தம்பியிடம் கேட்கச் சொன்னேன். அந்தப் பெரியவர்கள் எந்தத் திகதி முதல் விற்கலாம்? பழைய பங்காளர்கள் எந்தத் திகதி முதல்? சேரும் காசில் எவ்வளவு கம்பனிக்கு, எவ்வளவு விற்கிறவர்கள் பைக்கு? எல்லாம் வெளியீட்டுப் பத்திரத்தில் இருக்கும், ஒளித்து வைக்கும் விஷயம் இல்லை.

நேற்று பதில் வந்தது. இரண்டு பூட்டும் ஆறு மாதத்தில், ஒரே கிழமையில் திறக்கிறதாம். காசு முழுவதும் விற்கிற பங்காளருக்கே போகிறதாம், கம்பனிக்கு ஒரு சதமும் இல்லை. மகளின் கலியாணம் ஏழாம் மாதம். டீச்சர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "அப்ப கலியாணத்துக்குக் காசு எடுக்கிற நேரம்தான் அவங்களும் விக்க வருவாங்க, என்ன சேர்?" காசு இப்போதைக்கு வங்கியிலேயே இருக்கிறது. தம்பி தன் சொந்தக் காசில் கொஞ்சம் போடப் போகிறாராம், அது அவர் விருப்பம்.