கடைசிப் பிள்ளைக்கும் அதே இரண்டு கரண்டி

"உப்புமாவுக்கு எவ்வளவு தண்ணி வைக்கணும் அக்கா?"

"பார்த்து ஊத்து. கை பழகினா தானா வந்துடும்."

நம் வீட்டு அடுப்படிகளில் சமையல் இப்படித்தான் கைமாறி வந்திருக்கிறது. நாலு பேருக்குச் சமைக்கும் வீட்டில் இதனால் பெரிய நஷ்டம் வந்துவிடாது. உப்புமா கொஞ்சம் கெட்டியாகிவிட்டால், 'இன்னைக்குக் கொஞ்சம் கட்டி'யென்று சிரித்துக்கொண்டே சாப்பிட்டு எழுந்துவிடுவார்கள்.

அதே உப்புமாவை 50 பிள்ளைகளுக்கு ஒருவர் சமைத்து, மறுநாள் அவர் லீவு போட்டு இன்னொருவர் சமைத்தால் என்ன ஆகும்? முதல் நாள் எல்லோருக்கும் வயிறு நிறைந்தது. இரண்டாம் நாள் வரிசையில் கடைசியாக நின்ற எட்டுப் பேருக்குச் சட்டியைச் சுரண்டிப் போட வேண்டியதாயிற்று. அரிசி, ரவை, பருப்பு எதிலும் குறைவில்லை. இரண்டு பேரின் கையளவு வேறு வேறாக இருந்தது, அவ்வளவுதான்.

இந்த வித்தியாசத்தை அடைப்பதற்குத்தான் சமையல் அட்டை. பெரிய ஹோட்டல்களிலும் ஆஸ்பத்திரி சமையற்கூடங்களிலும் வெகுகாலமாக இருக்கும் பழக்கம் இது. யார் கரண்டி பிடித்தாலும் ஒரே பதார்த்தம், ஒரே அளவு, ஒரே ருசி வரும்படி ஒரு தாளில் எழுதி அடுப்புக்குப் பக்கத்தில் மாட்டி வைப்பார்கள்.

அரசாணை சொல்லும் அளவு

முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15-ல் மதுரையில் தொடங்கியது. 2023 ஆகஸ்ட் 25-ல் திருக்குவளையிலிருந்து மாநிலம் முழுவதும் 31,008 அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிவானது. புதுக்கோட்டை மாவட்டத்தின் கிராமப் பள்ளிகளும் அதில் சேர்ந்தன. கிராமங்களில் இந்தக் காலை உணவைச் சமைப்பவர்கள் பெரும்பாலும் மகளிர் சுய உதவிக்குழுப் பெண்கள்தான்.

ஒரு பிள்ளைக்கு 50 கிராம் அரிசி அல்லது ரவை அல்லது சேமியா, சாம்பாருக்கு 15 கிராம் பருப்பு, அந்தந்த ஊரில் கிடைக்கும் காய்கறி. சமைத்த பிறகு பிள்ளையின் தட்டில் 150 முதல் 200 கிராம் வரை உணவும், 100 மில்லி சாம்பாரும் இருக்க வேண்டும். திட்டத்தின் அளவு இதுதான்.

உள்ளே போகும் அளவும் தெரியும், தட்டுக்கு வர வேண்டிய அளவும் தெரியும். 50 கிராம் ரவை 190 கிராம் உப்புமாவாக மாறுவது நடுவில், அடுப்பின் மேல். விராலிமலையில் ஒரு கையும் மணமேல்குடியில் இன்னொரு கையும் வேறு வேறு விதமாகப் போவதும் அங்கேதான். சமையல் அட்டை அந்த இடத்துக்குத்தான் தேவைப்படுகிறது.

50 பிள்ளைகளுக்கு ஒரு அட்டை

50 பிள்ளைகள் உள்ள ஒரு பள்ளியில் ரவை உப்புமாவுக்கு அட்டை எழுதுவதாக வைத்துக்கொள்வோம். முதலில் கைவசம் இருக்கும் கணக்கை எழுதலாம். ரவை இரண்டரைக் கிலோ. தண்ணீர் ஏழரை லிட்டர். காய்கறி அரைக் கிலோ, வெங்காயம் கால் கிலோ, எண்ணெய் 150 கிராம், உப்பு 80 கிராம். தாளிப்புச் சாமான் தனி.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். எல்லாம் எடையில் இருக்கிறது, 'இத்தனை டம்ளர்' என்று எங்கும் இல்லை. ரவையை டம்ளரில் மெதுவாகக் கொட்டினால் ஓர் அளவு, தட்டித் தட்டி நிரப்பினால் இன்னோர் அளவு. நைஸ் ரவைக்கும் பெரிய ரவைக்கும்கூட டம்ளர் கணக்கு மாறும். தராசில் அந்தக் குழப்பமே இல்லை.

தினமும் தராசை எடுக்கச் சோம்பலாக இருந்தால் ஒரு வழி இருக்கிறது. ஒரு முறை எடை போட்டு, அந்த ரவை பள்ளியில் இருக்கும் எந்த டின்னில் எதுவரை வருகிறது என்று கோடு போட்டுக்கொள்ளலாம். தண்ணீருக்கு ஒரு குச்சி போதும். ஏழரை லிட்டர் ஊற்றிய சட்டியில் குச்சியை நட்டமாக நிறுத்தி, தண்ணீர் தொட்ட இடத்தில் ஒரு வெட்டுப் போட வேண்டும். அந்தக் குச்சி அந்தச் சட்டிக்கு மட்டும்தான். வேறு சட்டியென்றால் வேறு குச்சி.

தேறுவது எவ்வளவு?

அட்டையில் பலரும் விட்டுவிடுவது இந்த வரியைத்தான். சமைத்து முடித்தபின் மொத்தம் எவ்வளவு தேறும்? இதை ஊகித்து எழுதக் கூடாது, எடை போட்டுத்தான் எழுத வேண்டும்.

காலிச் சட்டியை முதலில் எடை போட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். நம் சட்டி 4 கிலோ 200 கிராம் என்று வைப்போம். உப்புமா இறக்கியதும் சட்டியோடு எடை போட்டால் 14 கிலோ 100 கிராம். அப்படியானால் உப்புமா மட்டும் 9 கிலோ 900 கிராம். ஒரு நாள் கணக்கை நம்பி அட்டை எழுதிவிடக் கூடாது. மூன்று நாள் போட வேண்டும். இரண்டாம் நாள் 9 கிலோ 750, மூன்றாம் நாள் 9 கிலோ 600 என்று வந்தால் சராசரி 9 கிலோ 750.

நாளுக்கு நாள் ஏன் குறைகிறது? தண்ணீர் கொதித்தபின் ரவையைக் கொட்டத் தாமதமான நாளில் அதிக ஆவி போயிருக்கும். ஆகவே அட்டையில் 'கொதி வந்ததும் உடனே ரவை' என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். மூன்று நாள் எடையும் நெருங்கி வந்துவிட்டால், செய்முறை ஒரே மாதிரி ஆகிவிட்டது என்று அர்த்தம்.

இன்னொரு கழிவும் உண்டு. சட்டியின் அடியிலும் ஓரத்திலும் ஒட்டிக்கொள்வது. அது கால் கிலோ என்றால், தட்டுக்குப் போகக்கூடியது ஒன்பதரைக் கிலோதான். அதை 50-ஆல் வகுத்தால் ஒரு பிள்ளைக்கு 190 கிராம். அட்டையின் தலைப்பில் எழுத வேண்டியது இதைத்தான்: 'மொத்தம் தேறுவது ஒன்பதரைக் கிலோ. ஒரு பிள்ளைக்கு 190 கிராம்.'

சாம்பாருக்கும் இதே கணக்குதான். 50 பிள்ளைகளுக்குப் பருப்பு 750 கிராம், தேற வேண்டியது 5 லிட்டர். கொதித்து முடித்தபின் 5 லிட்டர் நிற்கிறதா என்று பார்த்து எழுத வேண்டும்.

கரண்டி செய்யும் மாயம்

பிள்ளைக்கு 190 கிராம் என்று எழுதியாகிவிட்டது. பரிமாறும்போது ஒவ்வொரு தட்டையும் எடை போட முடியுமா? முடியாது. அந்த வேலையைக் கரண்டிதான் செய்ய வேண்டும்.

ஒரு குழிக்கரண்டியில் உப்புமாவை அள்ளி, மேலே ஒரு தட்டையான கரண்டியால் வழித்து எடை போட்டால் 95 கிராம் வருகிறது என்று கொள்வோம். அப்படியானால் வழித்த கரண்டி இரண்டு. கணக்குச் சரி.

அதே கரண்டியைக் கும்பாரமாக அள்ளினால்? அன்பு அதிகமாகி, பார்வைக்கு ஒரு துளிதான் கூடும். தராசில் அது 115 கிராம் காட்டலாம். இரண்டு கரண்டிக்கு 230 கிராம். ஒன்பதரைக் கிலோ உப்புமா இந்தக் கணக்கில் 41 பிள்ளைகளோடு முடிந்துவிடும். 42-வது பிள்ளைக்கு மிஞ்சுவது 70 கிராம். அதற்குப் பின்னால் நிற்கும் எட்டுப் பேருக்கு ஒன்றுமில்லை.

சமைத்தவர் மீது தப்பில்லை, சாமானும் குறையவில்லை. ஒரு கரண்டிக்கு 20 கிராம் கூடியது, அவ்வளவுதான். ஆகவே அட்டையில் 'கரண்டி' என்று மட்டும் எழுதினால் போதாது. எந்தக் கரண்டி, வழித்ததா கும்பாரமா, எத்தனை என்று எழுத வேண்டும். அந்தக் கரண்டியில் ஒரு சிவப்பு நூலைக் கட்டித் தனியாக மாட்டி வைத்தால் இன்னும் நல்லது.

பசி அதிகமுள்ள பிள்ளைக்குக் கூடுதலாகப் போடக் கூடாதா? தாராளமாகப் போடலாம். எல்லோருக்கும் இரண்டு கரண்டி போய்ச் சேர்ந்த பிறகு, இரண்டாம் சுற்றில்.

18 பிள்ளைகள் என்றால்?

50-க்கு எழுதிய அட்டையை வைத்து 18 பேருக்குச் சமைக்கலாமா? ரவை, பருப்பு, காய், உப்பு எல்லாம் அப்படியே வகுத்துக்கொள்ளலாம். ரவை 900 கிராம் வரும். தண்ணீரில்தான் சிக்கல்.

நம் கணக்கில் உள்ளே போன சாமான் எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 11 கிலோ. வெளியே வந்தது 9 கிலோ 750. ஒரு கிலோவுக்கு மேல் ஆவியாகப் போய்விட்டது. எவ்வளவு ஆவி போகும் என்பது சட்டியின் வாய் அகலத்தையும் கொதிக்கும் நேரத்தையும் பொறுத்தது. உள்ளே இருக்கும் தண்ணீர் குறைந்தால் ஆவியும் அதே கணக்கில் குறையாது. அதே அகன்ற சட்டியில் 18 பேருக்கு வைத்து, அதே நேரம் கொதிக்க விட்டால், கிட்டத்தட்ட அதே அளவு தண்ணீர் போய்விடக்கூடும். உப்புமா கட்டியாகும், எடையும் அரைக் கிலோவுக்கு மேல் குறையும். அது மூன்று பிள்ளைகளின் பங்கு.

ஆகவே சின்னக் கூட்டத்துக்குச் சின்னச் சட்டி, அதற்கென்று தனியாக மூன்று நாள் எடை. அட்டையில் 20, 35, 50 என்று மூன்று பத்திகள் போட்டு, ஒவ்வொன்றுக்கும் எந்தச் சட்டி என்றும் எழுதிவிட்டால், காலையில் வந்திருக்கும் தலைகளை எண்ணிப் பக்கத்தில் இருக்கும் பத்தியைப் பார்த்துக்கொள்ளலாம்.

அட்டை சொல்லாதது

எடை போட்டாலும் சில விஷயங்கள் ஊருக்கு ஊர் மாறும். தண்ணீரே உப்புக் கரிக்கும் ஊரில் 80 கிராம் உப்பு அதிகம். கடின நீரில் பருப்பு வேகக் கூடுதல் நேரம் பிடிக்கும். காய்கறி என்று பொதுவாக எழுதினால், கேரட் போட்ட நாளும் சுரைக்காய் போட்ட நாளும் ஒன்றாக இருக்காது. சுரைக்காயும் பூசணியும் தாங்களே தண்ணீர் விடும்.

எனவே அட்டையை வெளியூரிலிருந்து வாங்கி அப்படியே மாட்டக் கூடாது. அந்தப் பள்ளித் தண்ணீரில், அந்தச் சட்டியில் சமைத்துத் திருத்திக்கொள்ள வேண்டும். 'முக்கால் உப்பைப் போட்டு, ருசி பார்த்து மீதி' என்று எழுதலாம். 'சுரைக்காய் என்றால் அரை லிட்டர் தண்ணீர் குறைத்துப் பார்க்கவும்' என்று ஓரத்தில் குறிக்கலாம். சமைப்பவரின் கையும் நாக்கும் இங்கே அட்டைக்குள் ஏறிக்கொள்கின்றன.

அட்டை சரியாக இருக்கிறதா என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? தினமும் இரண்டே குறிப்பு போதும். கடைசிப் பிள்ளைக்கு இரண்டு கரண்டி கிடைத்ததா? சட்டியில் எவ்வளவு மிஞ்சியது? நாலு நாள் தொடர்ந்து மிஞ்சினால் வந்த பிள்ளைகள் குறைவு, இல்லையென்றால் ருசியில் ஏதோ குறை. தொடர்ந்து பற்றாமல் போனால் முதலில் கரண்டியைப் பார்க்க வேண்டும், பிறகு சட்டியை, அதற்கும் பிறகுதான் சாமானை.

பக்கத்து ஊரிலிருந்து புதிதாக வந்த ஒரு அக்கா அட்டையைப் பார்த்து முதன்முறையாகச் சமைக்கட்டும். வரிசையின் கடைசியில் நிற்கும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் தட்டில் வழித்த கரண்டி இரண்டு விழுந்தால், அட்டை தேறிவிட்டது.