சகீஃபாவில் ஒரு பிற்பகல்

ஹிஜ்ரி 23ஆம் ஆண்டு, அதாவது கி.பி. 644இல், இரண்டாம் கலீஃபா உமர் தம் கடைசி ஹஜ்ஜுக்குப் போயிருந்தபோது ஒரு பேச்சு அவர் காதுக்கு வந்தது. உமர் இறந்துவிட்டால் நான் இன்னாருக்குத்தான் பைஅத் செய்வேன், அபூபக்கருக்குச் செய்த பைஅத்தும் திடுதிப்பென்று நடந்ததுதானே என்று ஒருவர் சொல்லித் திரிகிறார். கோபம் கொண்ட உமர் அங்கேயே பதில் சொல்ல நினைத்தார். ஊரெல்லாம் கூடியிருக்கும் இடத்தில் வேண்டாம், மதீனா போய்ப் பேசுங்கள் என்று அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் தடுத்தார். மதீனா திரும்பியதும் ஒரு வெள்ளிக்கிழமை மிம்பரில் ஏறி, 12 ஆண்டுகளுக்கு முன் நடந்ததை உமர் தம் வாயாலேயே சொன்னார். ஆம், அது திடுதிப்பென்று நடந்ததுதான், ஆனால் அதன் தீங்கிலிருந்து இறைவன் காத்தான், இனி கலந்தாலோசிக்காமல் அப்படி யாரும் செய்யக்கூடாது என்பது அவர் பேச்சின் சாரம்.

அவர் ஆண்ட சொல் 'ஃபல்தா'. முன்யோசனையில்லாமல் சட்டென்று நடந்துவிடுவதைக் குறிக்கும் அரபுச் சொல். அந்த நாளின் முடிவால் பயனடைந்த தரப்பிலிருந்தே வந்த சொல் என்பதால், வாரிசுச் சர்ச்சையைப் புரிந்துகொள்ள இதைவிட நேர்மையான வாசல் எனக்குத் தெரியவில்லை.

632இல், ஒரு திங்கட்கிழமை, நபிகள் நாயகம் தம் மனைவி ஆயிஷாவின் அறையில் காலமானார். ஊர் அதிர்ந்து நின்றது. உமராலேயே முதலில் அதை நம்ப முடியவில்லை. ஊருக்கு வெளியேயிருந்து வந்த அபூபக்கர்தான், முஹம்மதை வணங்கியவருக்கு அவர் இறந்துவிட்டார், இறைவனை வணங்கியவருக்கு இறைவன் என்றும் இருப்பவன் என்ற பொருள்படப் பேசி மக்களை நிதானத்துக்குக் கொண்டுவந்தார். அறைக்குள் அலீயும் குடும்பத்தாரும் ஜனாஸாவைக் குளிப்பாட்டும் பொறுப்பை ஏற்றிருந்தார்கள்.

அதே நேரத்தில், பனூ ஸாயிதா குலத்தாரின் சகீஃபாவில், அதாவது கூரை வேய்ந்த அவர்களுடைய கூடுமிடத்தில், மதீனாவின் அன்சாரிகள் கூடிவிட்டார்கள். நடுவில் போர்வை சுற்றிய ஒருவர் இருந்தார். கஸ்ரஜ் குலத் தலைவர் ஸஅத் இப்னு உபாதா. காய்ச்சலில் இருந்தார்.

இந்தக் கூட்டத்தைச் சதியாகப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. மக்காவில் இடமில்லாமல் போன நபிக்கும் தோழர்களுக்கும் 622இல் கதவு திறந்தவர்கள் இவர்கள். வீட்டையும் விளைச்சலையும் பகிர்ந்தவர்கள், போர்களில் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள். இப்போது வந்தவர்களுக்கும் தங்களுக்கும் இடையே பாலமாக இருந்தவர் போய்விட்டார். நாளை நம் ஊரிலேயே நாம் யார் என்ற பயம் அவர்களுக்கு இருந்தது.

செய்தி கேட்டு அபூபக்கர், உமர், அபூ உபைதா மூவரும் விரைந்தார்கள். வழியில் எதிர்ப்பட்ட அன்சாரிகள் இருவர், அங்கே போக வேண்டாம், உங்கள் காரியத்தை நீங்களே முடித்துக்கொள்ளுங்கள் என்றார்கள். இவர்கள் கேட்கவில்லை. அன்சாரிகளின் பேச்சாளர் தங்கள் தியாகத்தை எடுத்துரைத்தார். உமர் மனதுக்குள் ஒரு பதிலைத் தயாரித்து வைத்திருந்தார். அபூபக்கர் அவரை அமர்த்திவிட்டுத் தாமே பேசினார். உங்கள் சிறப்பு அத்தனையும் உண்மை, ஆனால் குறைஷிகளைத் தவிர வேறு யார் தலைமையையும் அரபுக் குலங்கள் ஏற்காது என்றார். உமரின் கையையும் அபூ உபைதாவின் கையையும் பிடித்து, இவர்களில் ஒருவரைத் தேர்ந்தெடுங்கள் என்றார்.

ஹுபாப் என்ற அன்சாரி, உங்களில் ஒரு அமீர், எங்களில் ஒரு அமீர் என்று இடைவழி சொன்னார். குரல்கள் உயர்ந்தன. பிளவு வந்துவிடும் என்று அஞ்சிய உமர், கையை நீட்டுங்கள் என்று அபூபக்கரிடம் சொல்லிப் பைஅத் செய்தார். முஹாஜிர்கள் செய்தார்கள், பிறகு அன்சாரிகளும் செய்தார்கள். நெரிசலில் ஸஅத் மிதிபட்டார். அன்சாரிகளின் மற்றொரு குலமான அவ்ஸ் குலத்தார் ஏன் அவ்வளவு சீக்கிரம் இசைந்தார்கள் என்பதற்கு வரலாற்றாசிரியர்கள் பழைய பகையைக் காட்டுவார்கள். மதீனாவுக்கு இஸ்லாம் வருவதற்குச் சில ஆண்டுகள் முன்வரை அவ்ஸும் கஸ்ரஜும் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டவர்கள். கஸ்ரஜ்காரர் தலைவராவதைவிட மக்காக்காரர் ஆவது அவர்களுக்கு எளிதாக இருந்தது.

மறுநாள் பள்ளிவாசலில் பொதுப் பைஅத் நடந்தது. நல்லடக்கம் அதற்குப் பின்தான் என்பது பரவலான செய்தி.

சகீஃபாவில் அலீ இல்லை. நபியின் சிற்றப்பா அப்பாஸும் இல்லை. அலீயும் ஸுபைரும் உடனிருந்தவர்களும் விலகி நின்றார்கள் என்பதை உமரே அந்த உரையில் சொல்கிறார். ஷியாக்களின் மனக்குறை இங்கே வேர்விடுகிறது. அவர்கள் பார்வையில் கேள்விக்கு விடை முன்பே சொல்லப்பட்டுவிட்டது. நபி தம் இறுதி ஹஜ்ஜிலிருந்து திரும்பும் வழியில், கதீர் கும் என்ற இடத்தில் அலீயின் கையை உயர்த்தி, நான் யாருக்கு மவ்லாவோ அவருக்கு அலீயும் மவ்லா என்று அறிவித்தார். அது இறைக்கட்டளைப்படி நடந்த நியமனம், ஆகவே சகீஃபாவில் நடந்தது உரிமை மீறல் என்பது அவர்கள் நம்பிக்கை.

இந்த அறிவிப்பு சுன்னி ஹதீஸ் நூல்களிலும் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. சண்டை பெரும்பாலும் 'மவ்லா' என்ற ஒரு சொல்லின் மேல்தான். தலைவன், காப்பாளன், நண்பன், நேசத்துக்குரியவன் என்று அரபில் அதற்குப் பல பொருள்கள். யமன் பயணத்தில் அலீயின் கண்டிப்பால் சிலர் முறையிட்டிருந்தார்கள், அவர் மேல் அன்பு வைக்கச் சொன்னதுதான் அது என்பது சுன்னி விளக்கம். அதோடு, நோயுற்ற நாட்களில் தொழுகை நடத்த நபி அபூபக்கரையே பணித்ததை அவர்கள் சுட்டுவார்கள். நபி யாரையும் பெயர் சொல்லி நியமிக்கவில்லை, சமூகம் தேர்ந்தது, அந்தத் தேர்வு சரியானது என்பது அவர்கள் முடிவு.

நம் கையில் இருக்கும் விரிவான வரலாற்று நூல்கள் நிகழ்ச்சிக்கு நூறாண்டுக்கு மேல் கழிந்து எழுதப்பட்டவை. இப்னு இஸ்ஹாக் 8ஆம் நூற்றாண்டுக்காரர், தபரி இறந்தது 923இல். அதற்குள் கர்பலா நடந்துவிட்டது, தரப்புகள் இறுகிவிட்டன. ஒவ்வொரு அறிவிப்பாளரும் அந்தப் பிற்பகலைத் தம் காலத்துக் காயத்தின் வழியாகப் பார்த்தார். அலீ எப்போது பைஅத் செய்தார் என்பதிலேயே இதைக் காணலாம். உடனே செய்தார் என்று ஓர் அறிவிப்பு. ஆயிஷாவிடமிருந்து வரும், புகாரியில் இடம்பெற்ற அறிவிப்போ மனைவி ஃபாத்திமா இறக்கும்வரை, ஆறு மாதம், அவர் செய்யவில்லை என்கிறது. அதிலேயே, அபூபக்கரின் சிறப்பை ஏற்றுக்கொண்டு, ஆனால் எங்களைக் கலக்காமல் செய்தீர்களே என்று அலீ ஆதங்கப்படுவதும், அபூபக்கர் கண்ணீர் விடுவதும் வருகின்றன. கட்சிகளாக இறுகாத இரண்டு மனிதர்களை அங்கே பார்க்கிறேன்.

முறை எதுவும் வகுக்கப்படாததால் ஒவ்வொரு முறையும் வழி மாறியது. அபூபக்கர் 634இல் உமரை நியமித்தார். 644இல் குத்துப்பட்டுக் கிடந்த உமர், நியமித்தாலும் முன்மாதிரி உண்டு, நியமிக்காவிட்டாலும் முன்மாதிரி உண்டு என்று தயங்கி, ஆறு பேர் கொண்ட ஷூராவிடம் விட்டார். அவர்கள் உஸ்மானைத் தேர்ந்தார்கள். 656இல் உஸ்மான் கொல்லப்பட்ட கலவரத்துக்குப் பிறகே அலீ கலீஃபாவானார், அவரையும் 661இல் கூஃபாவில் வெட்டினார்கள். அதன்பின் முஆவியா தம் மகனுக்குப் பட்டம் கட்டினார், கிலாஃபத் பரம்பரைச் சொத்தானது.

இந்த நெடுங்கதையில் அபூபக்கர் தரப்பும் அலீ தரப்பும் மட்டும் நம் நினைவில் நின்றுவிட்டன. அன்று சகீஃபாவில் கேட்டுத் தோற்றது மூன்றாவது தரப்பு. அபயம் கொடுத்த ஊர்க்காரர்களிலிருந்து பிறகு ஒரு கலீஃபாவும் வரவில்லை. ஸஅத் இப்னு உபாதா அபூபக்கருக்குப் பைஅத் செய்யவேயில்லை என்கின்றன பல அறிவிப்புகள். அவர் மதீனாவை விட்டு ஷாம் நாட்டுக்குப் போய், ஹவ்ரானில் இறந்தார்.