மோதிய வண்டி கிடைக்காவிட்டாலும் இழப்பீடு உண்டு, சொல்லத்தான் ஆளில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

மோதிவிட்டு நிற்காமல் போன வண்டி எதுவென்று கடைசிவரை தெரியாவிட்டாலும், இறந்தவரின் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாயும் கொடுங்காயம் பட்டவருக்கு 50,000 ரூபாயும் மத்திய அரசின் மோட்டார் வாகன விபத்து நிதியிலிருந்து தரப்பட வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 161ஆம் பிரிவு இதற்கு வழிசெய்கிறது. இப்போதுள்ள திட்டம் 2022 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. அதற்கு முன் இந்தத் தொகை வெறும் 25,000 ரூபாயாகவும் 12,500 ரூபாயாகவும் இருந்தது. தவறு யார் மீது என்று நிரூபிக்கத் தேவையில்லை, கோர்ட் படி ஏறவும் தேவையில்லை. வருவாய்த் துறை அலுவலகத்தில் ஒரு விண்ணப்பம் கொடுத்தால் போதும்.

அந்த ஒரு விண்ணப்பம்தான் வருவதில்லை. 2022இல் மட்டும் நாட்டில் இப்படி மோதிவிட்டு ஓடிய விபத்துகள் 67,387 என்கிறது மத்திய அரசின் கணக்கு. 2022-23 நிதியாண்டில் இந்த நிதியைக் கேட்டு வந்த விண்ணப்பங்கள் 205. அவற்றில் பணம் கொடுத்து முடிக்கப்பட்டவை 95. உச்ச நீதிமன்றமே 2024 ஜனவரி 12 அன்று தந்த தீர்ப்பில் இந்த எண்களை எடுத்துச் சொல்லியிருக்கிறது. கோவை கங்கா மருத்துவமனையின் எலும்பு முறிவு மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012இல் தொடுத்த பொதுநல வழக்கில் வந்த தீர்ப்பு அது. திருப்பூருக்குப் பக்கத்து ஊர்க்காரர் தொடுத்த வழக்கின் பலன் திருப்பூர்ச் சாலைகளில் செத்தவர்களின் வீட்டுக்குப் போய்ச் சேரவில்லை என்பதுதான் இங்கே ஆட்சேபிக்க வேண்டிய விஷயம்.

தீர்ப்பு சொன்னது சிக்கலான எதையும் அல்ல. விபத்து பதிவான நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் நியாயமான முயற்சி எடுத்தும் வண்டியின் விவரம் தெரியவில்லை என்றால், காவல் நிலையப் பொறுப்பு அதிகாரி அடிபட்டவருக்கோ இறந்தவரின் வாரிசுகளுக்கோ எழுத்து மூலம் தகவல் தர வேண்டும். இந்தத் திட்டத்தில் இழப்பீடு கேட்கலாம் என்பதோடு, கேட்க வேண்டிய வருவாய்த் துறை விசாரணை அலுவலரின் அலுவலக முகவரியும் மின்னஞ்சலும் அந்தக் கடிதத்தில் இருக்க வேண்டும். விபத்து அறிக்கையை அந்த அலுவலருக்கும் அனுப்ப வேண்டும். அறிக்கை வந்து ஒரு மாதமாகியும் விண்ணப்பம் வராவிட்டால், அவர் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குச் சொல்ல வேண்டும். ஆணைக்குழுவே அந்தக் குடும்பத்தைத் தேடிப் பிடித்து விண்ணப்பம் போட உதவ வேண்டும். ஆணைக்குழுவின் செயலாளர், விசாரணை அலுவலர், டிஎஸ்பி நிலைக்குக் குறையாத ஒரு காவல் அதிகாரி ஆகியோர் அடங்கிய கண்காணிப்புக் குழு ஒவ்வொரு மாவட்டத்திலும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும். வழக்கு கோப்பு மூடப்பட்டால்தான் விண்ணப்பிக்கலாம் என்று தீர்ப்பில் எங்கும் இல்லை. ஒரு மாதம்தான் கணக்கு.

பனியன் கம்பெனி வேலைக்கு வந்த ஒடிசாக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். வயது 24, கல்யாணம் ஆகாதவர், மாதம் 15,000 ரூபாய் சம்பாதிக்கும் டெய்லர். நைட் ஷிப்ட் முடிந்து பல்லடம் ரோட்டோரம் ரூமுக்கு நடந்து போகும்போது ஏதோ ஒரு வண்டி அடித்துவிட்டுப் போய்விடுகிறது. ஜனவரி 10 அன்று எஃப்.ஐ.ஆர். பதிவாகிறது. பிப்ரவரி 10 வரை வண்டி தெரியவில்லை. அன்றே போலீஸ் கடிதம் கொடுத்து, அந்த வாரமே ஊரிலிருக்கும் தாய் தகப்பனின் விண்ணப்பமும் வந்தால், விசாரணை அலுவலருக்கு ஒரு மாத அவகாசம். விபத்து அறிக்கையையும் போஸ்ட்மார்ட்டம் அறிக்கையையும் வாங்க வேண்டியவர் அவரே. குடும்பம் அலைய வேண்டியதில்லை. அவருடைய அறிக்கை கலெக்டருக்குப் போகிறது. கலெக்டர் 15 நாளில் உத்தரவு போட வேண்டும். உத்தரவு கிடைத்த 15 நாளில் பொதுக் காப்பீட்டுக் கவுன்சில் வங்கிக் கணக்கில் பணம் போட வேண்டும். எல்லாம் சரியாக நடந்தால் ஏப்ரல் பாதிக்குள் 2 லட்சம் அந்தத் தாயின் கணக்கில் இருக்கும்.

நடப்பது வேறு. உடலை வாங்கிய கையோடு குடும்பம் ஆம்புலன்சில் ஊருக்குப் போய்விடுகிறது. எஃப்.ஐ.ஆரில் இருப்பது திருப்பூரில் ஐந்தாறு பேர் தங்கியிருந்த வாடகை ரூமின் முகவரி. போன் நம்பர் ரூமில் கூட இருந்தவருடையதோ, ஆளைக் கூட்டிவந்த ஏஜென்டுடையதோ. ஒரு மாதம் கழித்துப் போலீஸ் கடிதமே போட்டாலும் அது அந்த ரூமுக்குத்தான் போகும், அதற்குள் ரூமில் ஆளும் மாறியிருக்கும். கடிதம் தமிழில் இருந்தால் படிக்கவும் ஆளில்லை. விபத்து நடந்த கோட்டம் அல்லது வட்டத்தின் விசாரணை அலுவலரிடம்தான் விண்ணப்பம் கொடுக்க வேண்டும் என்பது விதி. அதனால் ஊரில் உள்ள தாசில்தாரிடம் போனால் அவராலும் ஒன்றும் செய்ய முடியாது. போஸ்ட்மார்ட்டம் முடிந்து உடலைக் கொடுக்கும் நேரத்திலேயே சொந்த ஊர் முகவரி, பெற்றோரின் போன் நம்பர், வங்கிக் கணக்கு இருக்கிறதா என்பது மூன்றையும் எழுதி வாங்கினால் இந்தச் சிக்கலில் பாதி தீர்ந்துவிடும். அதற்குச் செலவு ஒரு தாள்.

விண்ணப்பத்தோடு கேட்கப்படுபவை அதிகமில்லை. முதல் படிவத்தில் விண்ணப்பம், நான்காம் படிவத்தில் ஓர் உறுதிமொழி, ஐ.எஃப்.எஸ்.சி. எண்ணோடு வங்கிப் பாஸ்புக்கின் நகல், பாதிக்கப்பட்டவர், விண்ணப்பிப்பவர் இருவரின் அடையாள, முகவரிச் சான்றுகள். பின்னால் வண்டி கிடைத்து வேறு வழியில் இழப்பீடு வந்தால் இந்தப் பணத்தைத் திருப்பித் தருவதாகச் சொல்வதே அந்த உறுதிமொழி. உரிமை கோருபவர்கள் ஒன்றுக்கு மேற்பட்டவர்களாக இருந்தால் யாருக்கு உரிமை என்பதை விசாரணை அலுவலர் முடிவு செய்கிறார். அங்கே சொந்த ஊரில் வாங்கிய வாரிசுச் சான்று கையில் இருந்தால் வேலை சுலபம்.

உயிர் பிழைத்தவருக்குச் சங்கடம் ஆஸ்பத்திரியிலேயே தொடங்குகிறது. அடிபட்டவரைக் கொண்டுவந்து சேர்ப்பவர் போலீஸ் விசாரணைக்குப் பயந்து ‘வண்டியிலிருந்து வழுக்கி விழுந்துட்டார்’ என்று சொன்னால், விபத்துப் பதிவேட்டில் அப்படியே ஏறிவிடும். ‘அடையாளம் தெரியாத வாகனம் மோதி’ என்ற வார்த்தைகள் அந்த முதல் பதிவில் இல்லாவிட்டால், பிறகு சொல்லும் எதையும் நம்பவைப்பது கஷ்டம். அடுத்தது காயச் சான்று. 50,000 ரூபாய் கொடுங்காயத்துக்கு மட்டும்தான். எலும்பு முறிவோ, மூட்டு விலகலோ, பல் உடைந்ததோ கொடுங்காயத்தில் சேரும். சதை கிழிந்து தையல் போட்டது ‘சாதாரணக் காயம்’ என்று எழுதப்பட்டால் ஒரு ரூபாயும் கிடையாது. ஓவர்லாக் மெஷினில் துணி தள்ளும் கை மாதக்கணக்கில் மரத்துக் கிடந்தாலும் சான்றில் எழுதியிருப்பதைத்தான் பார்ப்பார்கள். ஆகவே டிஸ்சார்ஜ் ஆகும்போது எக்ஸ்ரே அறிக்கையின் நகலை வாங்காமல் வரக்கூடாது.

இனி தொகைக்கு வருவோம். அதே 24 வயது டெய்லரை அடித்த வண்டி பிடிபட்டு, ஓட்டியவர் மீது தவறு என்பதும் நிரூபணமானால், மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயம் உச்ச நீதிமன்றம் வகுத்த கணக்குப்படி இழப்பீடு போடும். 15,000 ரூபாய் சம்பளத்தோடு வருங்கால உயர்வுக்கு 40 சதவீதம் சேர்த்தால் 21,000. கல்யாணம் ஆகாதவர் என்பதால் அவருடைய சொந்தச் செலவுக்குப் பாதியைக் கழித்தால் மாதம் 10,500, வருஷத்துக்கு 1,26,000. 24 வயதுக்கு உரிய பெருக்குத்தொகை 18. மொத்தம் 22,68,000 ரூபாய். ஈமச் செலவு போன்றவை தனி. வண்டி கிடைத்தால் ஏறத்தாழ 23 லட்சம், கிடைக்காவிட்டால் 2 லட்சம். இந்த 2 லட்சத்தை ஆண்டுதோறும் படிப்படியாக உயர்த்த முடியுமா என்று பரிசீலிக்கும்படி மத்திய அரசுக்கு அதே 2024 தீர்ப்பு சொன்னது. உயர்த்தத்தான் வேண்டும். ஆனாலும் அந்தக் குடும்பத்தின் 21 லட்சம் போய்விடும் இடம் டெல்லி அல்ல. விபத்து நடந்த முதல் சில நாட்களில், இந்த ஊரிலேயே போய்விடுகிறது.

இழப்பீட்டுக்கான நிபந்தனையாகச் சட்டம் சொல்வது ‘நியாயமான முயற்சி எடுத்தும் அடையாளம் தெரியாத’ வாகனம் என்பது. திருப்பூர், பல்லடம், அவிநாசிச் சாலைகளில் கம்பெனி கேட்டுக்குக் கேட்டு, குடோனுக்குக் குடோன், பெட்ரோல் பங்குக்குப் பங்க் கேமரா இருக்கிறது. அவை பதிவதை ஹார்ட் டிஸ்க் நிறைந்ததும் தானே அழித்துவிடும். பல இடங்களில் சில வாரம்கூடத் தாங்காது. மோதிய இடத்துக்கு இருபுறமும் உள்ள கேமராக்களின் பதிவை அந்த வாரமே நகல் எடுக்காவிட்டால், ஒரு மாதம் கழித்து ‘வண்டி தெரியவில்லை’ என்று எழுதுவதில் நியாயமான முயற்சி எங்கே இருக்கிறது? உடைந்த ஹெட்லைட் கண்ணாடி, உரசிய பெயிண்ட், பம்பர் துண்டு ஆகியவற்றை எடுத்து வைத்தார்களா என்றும் குடும்பம் கேட்கலாம். எந்தெந்தக் கேமரா பார்க்கப்பட்டது என்பதைக் குடும்பத்துக்குத் தரும் கடிதத்திலேயே எழுதச் சொன்னால் தேடுதலும் தானே ஒழுங்காகும்.

வண்டி கிடைக்காதவர்களுக்கு இந்த நிதி மட்டுமே கதி என்பதும் இல்லை. அடிபட்டவர் செல்லுபடியாகும் லைசென்சோடு தன் சொந்த பைக்கை ஓட்டிப் போனவரானால், அவருடைய இன்சூரன்சில் உரிமையாளர்-ஓட்டுநருக்கான 15 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு சேர்ந்திருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். கம்பெனி ஈ.எஸ்.ஐ.யில் சேர்த்திருந்தால், வேலைக்குப் போய்வரும் வழியில் நடந்த விபத்தையும் பணிக்காயமாக ஏற்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. பீஸ் ரேட்டில் ஏஜென்ட் மூலம் வேலை பார்த்து ஈ.எஸ்.ஐ. எண்ணே இல்லாதவருக்குத்தான் 161ஆம் பிரிவைத் தவிர வேறு நாதி கிடையாது. அவர்களுக்குத்தான் கடிதமும் போகாமல் இருக்கிறது.

திருப்பூர் மாநகரக் காவல் ஆணையரும் மாவட்டக் காவல் கண்காணிப்பாளரும் 2024 ஜனவரிக்குப் பிறகு தங்கள் நிலையங்களில் வண்டி தெரியாமல் நின்ற விபத்து வழக்குகள் எத்தனை, அவற்றில் எத்தனை குடும்பங்களுக்குக் கடிதம் போனது என்பதை நிலையவாரியாக வெளியிட வேண்டும். எத்தனை விண்ணப்பம் வந்தது, எத்தனைக்குப் பணம் போனது, கண்காணிப்புக் குழு எந்தெந்தத் தேதியில் கூடியது என்பதை மாவட்ட ஆட்சியர் வெளியிட வேண்டும். கடிதம் இந்தியிலும் ஒடியாவிலும் இருக்க வேண்டும், சொந்த ஊர் முகவரிக்கே போக வேண்டும். உறவினரையோ ரூமில் உடன் இருந்தவரையோ இப்படி இழந்த வாசகர்கள் இன்றே மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போய் எஃப்.ஐ.ஆர். எண்ணைச் சொல்லுங்கள். அங்கே உதவிக்குக் கட்டணம் கிடையாது.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
பல்லடம்.