கட்டில் கதையும் பின் நம்பரும்

குடியிருப்போர் சங்கக் கூட்டம், அலுவலகப் பயிற்சி, பள்ளியில் பெற்றோர் கூட்டம் என எங்கே ஸ்லைடு போட்டுப் பேசினாலும், நடுவில் சொந்த அனுபவம் ஒன்றைச் சொன்னால் கூட்டம் நிமிர்ந்து உட்காரும். சிக்கல் அதற்குப் பிறகுதான். வீட்டுக்குப் போனதும் கதை நினைவிருக்கும். அதை எதற்குச் சொன்னார்கள் என்பது மறந்திருக்கும்.

வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெண்மணி, தன் குடியிருப்பில் யுபிஐ மோசடி பற்றிப் பேசத் தயாரித்த ஸ்லைடைப் பாருங்கள். தலைப்பு, ‘எங்கள் வீட்டில் நடந்தது’. அதன் கீழே:

“தீபாவளிக்கு முன் என் மாமியாரின் தேக்குக் கட்டிலை விற்க ஆன்லைனில் விளம்பரம் கொடுத்தோம். கொடுக்க மனசே இல்லை. ராணுவத்தில் இருப்பதாகச் சொன்ன ஒருவர், பார்க்காமலேயே வாங்கிக்கொள்கிறேன் என்றார். பணம் தருவதற்கு என்று க்யூஆர் கோடு அனுப்பினார். என் கணவர் ஸ்கேன் செய்து பின் நம்பர் போட்டார். 9,000 ரூபாய் போய்விட்டது. எனவே கவனமாக இருங்கள்!”

ஒத்திகையில் இதைப் படித்த மருமகள் கேட்ட முதல் கேள்வி: “தேக்குக் கட்டிலையா அத்தை விற்றீங்க?”

கதையில் பொய் இல்லை, சுவையும் இருக்கிறது. ஆனால் பாடம் கடைசி வரியில் இருக்கிறது. அதுவும் ‘கவனமாக இருங்கள்’ என்பது யோசனை ஆகாது. எதில் கவனம், எந்த நிமிடத்தில் கையை நிறுத்த வேண்டும் என்று அது சொல்லவில்லை.

திருத்தத்தை அவர் கதையில் தொடங்கவில்லை, பாடத்தில் தொடங்கினார். கேட்பவர் செய்ய வேண்டியதை முழு வாக்கியமாக எழுதினார்: ‘பணம் வாங்க பின் நம்பர் தேவையில்லை. பின் கேட்டால், பணம் உங்களிடமிருந்து போகிறது.’ அதுவே ஸ்லைடின் தலைப்பானது, பெரிய எழுத்தில், இரண்டு வரியில்.

அடுத்து கதையைச் சலித்தார். ஒவ்வொரு தகவலுக்கும் ஒரே கேள்வி: இதை எடுத்துவிட்டால் தலைப்பு புரியாமல் போகுமா? தீபாவளி, மாமியார், தேக்கு எல்லாம் போயின. ராணுவ வீரர் என்ற வேஷம் முக்கியமான எச்சரிக்கைதான். ஆனால் அது வேறு பாடம் என்பதால் வேறு ஸ்லைடுக்குப் போனது. மிஞ்சியது இது:

“பழைய கட்டிலை விற்றோம். ‘பணம் தருகிறேன்’ என்று க்யூஆர் கோடு வந்தது. ஸ்கேன் செய்து பின் போட்டார் என் கணவர். 9,000 ரூபாய் போனது.”

தலைப்பைவிடச் சிறிய எழுத்தில் இது கீழே வந்தது. கட்டிலின் போட்டோ இருந்த இடத்தில், பின் நம்பர் கேட்கும் செல்போன் திரையின் படம். படம் கதைக்குத் துணை போகக் கூடாது, பாடத்துக்குத் துணை போக வேண்டும். பார்ப்பவரின் கண் முதலில் போவது படத்துக்குத்தான். மாமியாரின் கட்டிலை விற்ற வருத்தத்தை அவர் வாயால் சொல்லிக்கொண்டார்.

பணம் போனால் உடனே 1930 என்ற எண்ணுக்குப் புகார் செய்ய வேண்டும் என்பதையும் இதே ஸ்லைடில் போட அவருக்கு ஆசை. ஆனால் ‘பின் போடாதே’ என்பது ஏமாறுவதற்கு முன். 1930 ஏமாந்த பின். இரண்டும் ஒரே இடத்தில் இருந்தால் ஒன்று மற்றதை மறைக்கும். 1930 அடுத்த ஸ்லைடுக்கு நகர்ந்தது.

பாடம் முதலில் வந்தால் கதையின் முடிவு தெரிந்துவிடுமே என்று தோன்றலாம். தெரிந்தால் நல்லதுதான். ஷானன் ஹார்ப், ரிச்சர்ட் மேயர் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் மின்னல் எப்படி உருவாகிறது என்ற பாடத்தில், மின்னல் தாக்கியவர்களைப் பற்றிய சுவையான துணுக்குகளைச் சேர்த்து மாணவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். துணுக்கு இல்லாமல் படித்தவர்களைவிட இவர்களுக்குப் பாடம் குறைவாகவே நினைவிருந்தது. 1998இல் வெளியான அவர்கள் ஆய்வின்படி, துணுக்குகள் தொடக்கத்தில் வந்தபோது பாதிப்பு அதிகம். கடைசியில் வந்தபோது குறைவு. முதலில் வரும் கதை, ‘இது எதைப் பற்றியது’ என்பதையே மனதில் மாற்றி எழுதிவிடுகிறது.

ஸ்லைடு சரியாக வந்ததா என்று தெரிந்துகொள்ள, அதைப் போட்டோவாக்கி, கூட்டத்துக்கு வராத ஒருவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். ஐந்து விநாடி பார்த்துவிட்டு மூடச் சொல்லி, “என்ன செய்யணும்?” என்று கேளுங்கள். “பின் போடக் கூடாது” என்றால் சரி. “யாரோ கட்டில் விற்றாங்க” என்றால் இன்னும் சலிக்க வேண்டியிருக்கிறது.

எல்லாப் பாடத்துக்கும் இந்த முறை ஒத்துவராது. ஆறேழு படிகள் கொண்ட செய்முறையை விளக்கும்போது ஸ்லைடில் படிகளுக்கே இடம் போதாது. அங்கே கதையை வாயோடு நிறுத்திக்கொள்வதே நல்லது. கதை வீட்டார் ஒருவருடையது என்றால், திரையில் ஏற்றும் முன் அவரிடம் கேட்டுவிடுங்கள். ஸ்லைடு கூட்டத்தோடு நிற்பதில்லை. யாரோ ஒருவர் செல்போனில் படம் பிடித்து நான்கு குரூப்பில் அனுப்பிவிடுவார்.