பெருநாள் அவசரத்தில் வாங்கும் பரிசு அட்டை: இலாபம் யாருக்கு?

கடந்த தீபாவளி முடிந்து சில வாரங்களின் பின் பதுளை நகரில் ஒரு துணிக்கடையில் நின்றிருந்தேன். பசறைப் பக்கத் தோட்டமொன்றிலிருந்து வந்த ஒரு தாய், கொழும்பில் வேலை செய்யும் மகன் கொடுத்த 5,000 ரூபா பரிசு அட்டையை நீட்டினார். அவர் எடுத்த புடவை 4,350 ரூபா. மீதி 650 ரூபாவைக் காசாகத் தர முடியாது, அட்டையை ஒரு தடவைதான் பயன்படுத்தலாம் என்றார் காசாளர். அந்தத் தாய் கையிலிருந்து 240 ரூபா போட்டு, தேவையில்லாத 890 ரூபா படுக்கை விரிப்பையும் எடுத்துக்கொண்டு போனார்.

2024 செப்டம்பர் வர்த்தமானியில் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக இருந்தது. அந்தக் கணக்கில் 650 ரூபா ஏறக்குறைய அரைநாள் உழைப்பு. பஸ் கட்டணமும் விட்ட வேலைநாளும் தனி.

பெருநாளுக்கு இரண்டு மூன்று நாட்கள் இருக்கும்போதுதான் இந்த அட்டை விளம்பரம் சூடுபிடிக்கிறது. அதற்குக் காரணம் உண்டு. அளவான உடுப்புகள் தீர்ந்திருக்கும். பார்சல் அனுப்பினாலும் தோட்டத்துக்கு நேரத்துக்குப் போய்ச் சேராது. அட்டைக்கு அளவும் இல்லை, இருப்பும் தேவையில்லை. கடைக்காரருக்குக் காசு இன்று கிடைக்கிறது, பொருளைப் பிறகு கொடுத்தால் போதும். பயன்படுத்தாமலே காலாவதியாகும் அட்டையின் பணம் அவருக்கே மிஞ்சுகிறது.

"5,000க்கு வாங்கினால் 500 இலவசம்" என்பதையும் கவனமாகப் பாருங்கள். அந்த 500க்குப் பெரும்பாலும் தனி நிபந்தனை இருக்கும். காலம் குறைவாகவும், இவ்வளவு தொகைக்கு மேல் வாங்கினால்தான் செல்லும் என்றும் எழுதியிருப்பார்கள்.

வாங்குவதாக இருந்தால் காசாளரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். எந்தத் திகதி வரை செல்லும்? மீதி அட்டையிலேயே நிற்குமா? பதுளைக் கிளையிலும் ஏற்பார்களா? பிறகு பற்றுச்சீட்டைப் பாருங்கள். நெரிசலில் அட்டையை இயக்கிவிட மறந்துவிடுவார்கள். அட்டை இலக்கமும் தொகையும் பற்றுச்சீட்டில் இல்லையென்றால், அங்கேயே நின்று சரிசெய்யுங்கள். அந்தச் சீட்டையும் அட்டையோடு சேர்த்துக் கொடுங்கள். ஏமாற்றப்பட்டால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 இலக்கத்தில் முறையிடலாம்.

அமெரிக்காவில் 2009 சட்டப்படி பரிசு அட்டையின் பணம் குறைந்தது ஐந்து வருடம் செல்லுபடியாக வேண்டும். இந்தியாவில் ரிசர்வ் வங்கி விதிக்குள் வரும் பரிசு அட்டைகளுக்குக் குறைந்தது ஒரு வருடம். இங்கும் அப்படியொரு விதி கட்டாயம் தேவை.

அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. பதுளையில் நம்மவர்களின் கடைகளும் உண்டு. பொருள் கொடுக்கும்வரை அந்தப் பணம் நம்மிடம் இருக்கும் அமானிதம். மீதியை அட்டையில் விட்டுவைப்பதும், காலத்தை ஒரு வருடமாக்குவதும் நம் கையில்தான் இருக்கிறது. வாங்குபவருக்கோ ஒரு வார்த்தை: தோட்டத்திலிருக்கும் தாய்க்கு என்றால், காசை உறையில் போட்டுக் கொடுங்கள். அது எந்தக் கடையிலும் செல்லும்.