மொய் நோட்டை பரண்ல போடாதீங்க!

"மொய்க்கு வரி கிடையாது, எதுக்கு சார் கணக்கு?" இந்தக் கேள்வி பாதிதான் சரி. கல்யாணம் பண்ணிக்கிறவங்களுக்கு வர்ற அன்பளிப்புக்கு, யார் கொடுத்தாலும் வரி இல்லை. காதுகுத்துக்கு அந்தச் சலுகை கிடையாது.

தெப்பக்காட்டுல ஒரு குடும்பம்னு வச்சுக்குவோம். காதுகுத்து மொய் 3,60,000 ரூபாயை அப்பா தன் சேமிப்புக் கணக்குல போடுறார். அந்த நிதியாண்டுல அவர் போட்ட மொத்த ரொக்கம் 10 லட்சத்தைத் தாண்டுது. வங்கி வருமான வரித்துறைக்குத் தகவல் தருது, நோட்டீஸ் வருது.

இப்போ மொய் நோட்டைப் பிரிச்சுப் பாருங்க. தாய்மாமன், அத்தை, சித்தப்பா கொடுத்தது 3,20,000. இவங்க சட்டப்படி உறவினர், வரி இல்லை. நண்பர்கள், சித்தப்பா மகன் கொடுத்தது 40,000. ஆமா, சித்தப்பா மகன் சட்டத்துல உறவினர் இல்லை! ஆனா இப்படிப்பட்டவங்க கொடுத்தது வருஷத்துக்கு 50,000-ஐத் தாண்டாததால இதுக்கும் வரி இல்லை. தாண்டியிருந்தா, கூடுதலுக்கு மட்டுமில்ல, முழுத்தொகைக்கும் வரி.

நோட்டு இல்லைன்னா? "விளக்கம் இல்லாத வரவு"ன்னு முடிவு பண்ணலாம். அதுக்கு சாதாரண ஸ்லாப் கிடையாது, தனியா உயர்ந்த வரி.

என் கருத்து இதுதான்: பெயர், ஊர், தொகையோட "என்ன உறவு"ன்னும் ஒரு கட்டம் போடுங்க. விசேஷம் முடிஞ்ச சில நாள்லயே பணத்தை வங்கியில கட்டுங்க. ஆறு மாசம் கழிச்சுக் கட்டினா, அதே பணம்தான்னு நிரூபிக்கிறது கஷ்டம். நோட்டீஸ் வந்தப்புறம் புதுசா எழுதுற நோட்டு உதவாது.