செக் படம் மட்டும் வந்தால் நாம் எதை ஊகிப்பது?

அண்மையில் எமது வட்ஸ்அப்புக்கு ஒரு செக்கின் படம் வந்தது. கூடவே ஒரு சொல்லும் இல்லை. அனுப்பியவர் 20 வருடம் கொழுந்து பறித்துவிட்டு, இப்போது மன்னார் தீவில் மகள் வீட்டில் இருக்கும் ஒரு அம்மா. சேவைக்காலப் பணத்துக்கான செக் அவருக்குத் தபாலில் வந்திருந்தது.

பிழை பார்க்கத்தான் கேட்கிறார் என்று நாமாகவே முடிவு செய்தோம். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, நாட்சம்பளக்காரருக்கு ஒவ்வொரு வருடச் சேவைக்கும் 14 நாட் சம்பளம் கிடைக்க வேண்டும். அவருடைய கடைசி நாட்சம்பளம் 1,350 ரூபா. 14 நாளுக்கு 18,900, 20 வருடத்துக்கு 378,000. செக்கிலும் அதே தொகைதான். இலக்கமும் எழுத்தும் ஒத்திருந்தன, திகதியும் கையொப்பமும் இருந்தன. "எல்லாம் சரிங்கம்மா" என்று பதில் போட்டோம்.

அவர் அதை 'போய் மாற்றலாம்' என்று எடுத்துக்கொண்டு, பஸ் ஏறி வங்கிக்குப் போனார். கையில் காசு தர மறுத்துவிட்டார்கள். மருமகனுடைய கணக்கில் போடக் கேட்டார், அதற்கும் முடியாது என்றார்கள். செக்கின் மேல் மூலையில் இரண்டு கோடு, நடுவே 'அக்கவுண்ட் பேயீ ஒன்லி'. அந்தக் கோடு எம் கண்ணிலும் பட்டதுதான். அது பிழை இல்லையே என்று விட்டுவிட்டோம்!

"மாஸ்டர், கணக்குப் பாக்கச் சொல்லலீங்க. எங்க கொண்டுபோய்ப் போடுறதுன்னுதான் கேட்டேன்" என்றார் மறுநாள். பஸ் காசு அவருடையது, தவறு எம்முடையது. ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும்.

அந்தக் கோடு இருந்தால், செக்கில் பெயர் உள்ளவரின் சொந்தக் கணக்கில்தான் போட வேண்டும். கணக்கு இல்லாவிட்டால் அடையாள அட்டையோடு போய்ச் சேமிப்புக் கணக்கு திறக்க வேண்டும். வைப்புச் சீட்டை நிரப்பி, செக்கின் பின்புறம் பெயரும் கணக்கு இலக்கமும் எழுதிக் கொடுத்து, முத்திரை குத்திய துண்டை வாங்கி வைக்க வேண்டும். திகதியிலிருந்து ஆறு மாதம் தாண்டினால் அந்தச் செக் செல்லாது.

பிழை பார்ப்பதென்றாலும் படம் மட்டும் போதாது. தோட்டத்து செக்ரோலில் ஒருவர் லெட்சுமி, அடையாள அட்டையில் லக்ஷ்மி. இங்கிலீசில் எழுதும்போது இரண்டும் வேறு வேறு பெயராகிவிடும். அட்டையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். வித்தியாசம் இருந்தால் நாமே பேனாவால் திருத்தக் கூடாது. தோட்டத்துக்குத் திருப்பி அனுப்பிப் புதுச் செக் கேட்க வேண்டும். இந்த அம்மாவுக்குப் பெயர் பொருந்தியிருந்தது, நாம் அதைப் பார்க்காமலே.

ஆகவே, படத்தோடு 'பார்க்கவா, போடவா' என்று குரலிலாவது ஒரு வரி சொல்லுங்கள். குழுக்களில் போடாமல் சங்கக்காரருக்கு மட்டும் அனுப்புங்கள். கையொப்பமும் கணக்கு இலக்கமும் அதில் தெரிகின்றன.

அந்த அம்மா அதே வாரம் கணக்குத் திறந்து செக்கைப் போட்டார். அடுத்த வேலை நாளில் பணம் விழுந்தது. வங்கிப் புத்தகத்தைப் படம் பிடித்து அனுப்பினார், இந்த முறையும் ஒரு சொல் இல்லாமல்.